ஹோல்ட் வேலை செய்கிறது, ஆனாலும் ஒரே சீற் இரண்டு பேருக்கு விற்றுவிட்டது. எங்கே ஓட்டை?

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 17, இரவு 9.12

யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டருக்கு ஒன்லைன் ரிக்கெற் தளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வெளியில் விடவில்லை. சீற்றை அமத்தினால் ஐந்து நிமிடத்துக்கு அது மற்றவர்களுக்கு மஞ்சளாகத் தெரியும். அதற்குள் காசு கட்டாவிட்டால் திரும்பவும் பச்சை. நேற்று நானும் தங்கச்சியும் இரண்டு போனில் வைத்துச் சோதித்தோம். F7, F8 இரண்டையும் இரண்டு பேருக்குமே விற்றுவிட்டது! ஸ்கேனரில் இரண்டு க்யூஆரும் செல்லுபடியாகின்றன. சீற் மஞ்சளாவதையும் பச்சையாவதையும் கண்ணால் பார்த்தோம், ஆகவே ஹோல்ட் சரி. பிறகு எப்படி?

அந்த வரிகளை `FOR UPDATE` போட்டுப் பூட்டி, காசு கட்டி முடியும்வரை டிரான்ஸாக்ஷனைத் திறந்தே வைத்தால் சரிவருமா? கம்பஸில் அப்படித்தான் படித்த ஞாபகம். போஸ்ட்கிரெஸ் பாவிக்கிறேன்.

ரெடிஸ் ராசா | ஜனவரி 17, இரவு 9.31

ரெடிஸில் ஒரே வரி வேலை.

```
SET seat:41:F7 h-812 NX EX 300
```

ஏற்கெனவே யாராவது பிடித்திருந்தால் கிடைக்காது. 300 செக்கனில் தானாகப் போய்விடும். இதற்குப் போய் டேட்டாபேஸை ஏன் வருத்துகிறீர்கள்?

திருநெல்வேலிச் சந்தி | ஜனவரி 17, இரவு 9.50

இது எல்லா இடமும் நடக்கிற அநியாயம். எனக்குக் கொழும்பு பஸ்ஸில் நடந்தது. ஜன்னல் சீற் கேட்டுப் பதிந்துவிட்டு ஏறினால், அதில் லேஞ்சியை விரித்துவிட்டு ஒரு அம்மா தண்ணிப் போத்தல் வாங்கப் போயிருக்கிறா. கொண்டக்டரிடம் கேட்டால் "இருங்கோ பாப்பம்" என்கிறார். தியேட்டரிலும் உள்ளே ஒரு ஆளை நிறுத்தி வைத்தால்தான் சரிவரும்.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 17, இரவு 10.24

சந்தி, தம்பி கேட்பது வேறு. ஆனால் உந்த லேஞ்சி நல்ல உதாரணம்தான். ஹோல்ட் என்பது லேஞ்சி. ரிக்கெற் இல்லை. இதை ஒருக்கால் பிடித்துக்கொண்டால் மிச்சம் விளங்கும்.

பெடியன், முதலில் பூட்டுக் கதை. டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைக்கவே வேண்டாம். ஆள் வங்கிக் காட்டைத் தேடி அறைக்குள் போயிருப்பார், உங்கள் டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். போஸ்ட்கிரெஸ் நிறுவியபடியே இருந்தால் மொத்தம் 100 இணைப்புத்தான். பெரிய படத்தின் முதல் நாள் நூறு பேர் யோசித்துக்கொண்டிருந்தால் தளம் முழுதும் நின்றுவிடும், கவுண்டரில் இருக்கிறவருக்கும் சேர்த்து. சர்வர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனால் அந்தப் பூட்டும் போய்விடும். பூட்டு மில்லி செக்கன் கணக்கு வேலைக்கு. நிமிடக் கணக்கில் பிடித்து வைப்பதென்றால் அதை ஒரு தரவாக எழுதி வைக்க வேண்டும்: யார் பிடித்தது, எதுவரை.

பிடிக்கிற இடம் இப்படி இருந்தால் போதும்:

```sql
UPDATE show_seats
SET hold_id = 'h-812',
    held_until = now() + interval '5 minutes'
WHERE show_id = 41
  AND seat_no IN ('F7','F8')
  AND status = 'free'
  AND (held_until IS NULL OR held_until < now());
```

இரண்டு சீற் கேட்டால் இரண்டு வரி மாறியிருக்க வேண்டும். ஒன்றுதான் மாறியது என்றால் `ROLLBACK`, "ஒரு சீற் இப்பதான் போய்விட்டது" என்று சொல்லுங்கள். முதலில் `SELECT` செய்து பார்த்துவிட்டுப் பிறகு `UPDATE` செய்கிறவர்கள்தான் இந்த இடத்தில் மாட்டுப்படுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தால் இரண்டு பேருக்கும் காலி என்றுதான் தெரியும். மேலே உள்ளதில் பார்ப்பதும் எழுதுவதும் ஒரே கூற்று. இரண்டாவது ஆள் ஒரு கணம் வரிசையில் நிற்பார். முதல் ஆளின் வேலை முடிந்ததும் போஸ்ட்கிரெஸ் புதிய நிலையை வைத்து `WHERE`ஐ இன்னொருக்கால் பார்க்கும், பூச்சியம் வரி என்று திருப்பி அனுப்பும்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஓட்டை இந்த இடத்தில் இல்லைபோல. சோதித்தபோது எது எத்தனை மணிக்கு நடந்தது என்று லொக்கைப் பார்த்துச் செக்கனோடு எழுதுங்கோ.

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 18, காலை 7.40

லொக்கில் இருந்து:

7.00.10 தங்கச்சி F7, F8 பிடித்தாள். ஹோல்ட் 7.05.10 வரை.
7.04.20 பணம் கட்டும் பக்கத்துக்குப் போனாள். அதைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டாள்.
7.05.25 எனக்கு அந்த இரண்டும் பச்சை. பிடித்தேன்.
7.05.48 அவளுடைய பணம் சரி என்று கேட்வேயிலிருந்து அறிவிப்பு வந்தது.
7.07.30 என்னுடைய பணமும் சரி என்று வந்தது.

பிடிக்கிற கூற்று கிட்டத்தட்ட அக்கா சொன்ன மாதிரித்தான் இருக்கிறது.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 18, காலை 8.15

அப்படியென்றால் இதுதான் கதை. உங்கள் ஹோல்ட் சொன்ன சொல் தவறவில்லை. 7.05.10க்கு விட்டது, 7.05.25க்கு உங்களுக்குத் தந்தது. தங்கச்சியின் காசு மட்டும் அப்போதும் வழியில் நின்றது. கேட்வேக்கு உங்கள் ஐந்து நிமிடம் தெரியாது. அது தன் பக்கத்தைத் தன் கணக்குக்குத் திறந்து வைத்திருக்கும். வங்கியின் ஓடிபி தாமதமானாலும் இதேதான் நடக்கும், தேத்தண்ணிதான் வேண்டுமென்றில்லை.

7.05.48க்கு அறிவிப்பு வந்ததும் என்ன எழுதுகிறீர்கள்? அந்தக் கூற்றைப் போடுங்கோ. `WHERE`இல் சீற் இலக்கம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 18, காலை 8.22

ஓம். `WHERE show_id = 41 AND seat_no IN ('F7','F8')`. அவ்வளவுதான்.

ரெடிஸ் ராசா | ஜனவரி 18, காலை 8.40

அதில் `AND held_until > now()` சேர்த்தால் முடிஞ்சுது. காலாவதியான ஹோல்டுக்கு ரிக்கெற் இல்லை.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 18, மதியம் 12.50

பாதி சரி, ராசா. நிபந்தனை வேண்டும், ஆனால் நேரத்தை வைத்து இல்லை. ஒருவரின் ஹோல்ட் 7.05.10க்கு முடிந்தது, காசு 7.05.20க்கு வந்தது, இடையில் அந்தச் சீற்றை ஒருவரும் தொடவில்லை என்று வையுங்கள். சீற் காலி, காசு கையில். அவரைத் திருப்பி அனுப்பி என்ன புண்ணியம்? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தச் சீற்றில் இன்னும் அவருடைய `hold_id`தானா கிடக்கிறது? வேறு ஆள் பிடித்திருந்தால் அது மாறியிருக்கும். பிடிக்கவில்லை என்றால் நேரம் முடிந்தாலும் அவருடையதே கிடக்கும்.

```sql
UPDATE show_seats
SET status = 'sold', order_id = 'o-553'
WHERE show_id = 41
  AND hold_id = 'h-812'
  AND status = 'free';
```

இங்கேயும் இரண்டு வரி மாற வேண்டும். இல்லாவிட்டால் `ROLLBACK`, ரிக்கெற் இல்லை, க்யூஆர் உருவாக்கக் கூடாது, காசைத் திருப்ப வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் பறிபோயிருந்தாலும் அப்படித்தான். கணவனை F வரிசையிலும் மனைவியை வெளியிலும் இருத்த முடியாது.

பின்னேரம் வந்து ரெடிஸுக்குப் பதில் எழுதுகிறேன். அதுவும் கெட்டதில்லை.

பழைய கவுண்டர் | ஜனவரி 18, பிற்பகல் 2.05

நான் முந்தி ஒரு படமாளிகையில் ரிக்கெற் கிழித்தவன். எங்களிடம் மட்டையில் கீறின சீற் படம் ஒன்று இருக்கும், பென்சிலால் புள்ளடி போடுவோம். போனில் சொல்லி வைக்கிற ஆட்களுக்கு வட்டம், காசு தந்தால் புள்ளடி. வட்டம் போட்ட ஆள் வராவிட்டால் படம் தொடங்கக் கொஞ்சம் முந்தி அழித்துவிடுவோம். காசு தந்தவருக்குத்தான் ரிக்கெற், அதுதான் நியாயம். தங்கச்சிதான் முதலில் காசு கட்டினது. நீங்கள் அவவைத் திருப்பி அனுப்பச் சொல்கிறீர்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 18, மாலை 6.30

ஐயா கேட்டது நல்ல கேள்வி. உங்கள் கவுண்டரில் ஒரு வசதி இருந்தது: காசும் பென்சிலும் ஒரே ஆளின் கையில். இங்கே காசு வாங்குகிறவர் ஒரு இடம், பென்சில் இன்னொரு இடம். 7.05.48க்கு சீற்றைத் தங்கச்சிக்குக் கொடுத்தால், பெடியன் அந்த நேரம் காட் இலக்கம் அடித்துக்கொண்டிருக்கக்கூடும். பிறகு அவருடைய காசைத் திருப்ப வேண்டும். வலி ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது ஆள் இன்னும் கேட்வேக்குப் போகவில்லை என்றால் மட்டும் அவருடைய ஹோல்டை உடைத்து முதல் ஆளுக்குக் கொடுக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் "உங்களுக்கு 4 நிமிடம் இருக்கிறது" என்று திரையில் காட்டிவிட்டுப் பறிப்பது எனக்கு மனம் வராது.

அதைவிட இந்த மோதலே அபூர்வமாகும்படி செய்யலாம். ஹோல்டை இரண்டு கட்டமாக்குங்கள். சீற் தெரிந்து பெயர், போன் இலக்கம் அடிக்கிற கட்டத்துக்கு 5 நிமிடம் போதும். "பணம் கட்டு" என்பதை அமத்தியதும், கேட்வேக்கு அனுப்புவதற்கு முன்னரே, `held_until`ஐ ஒரே ஒரு தடவை நீட்டுங்கள். அந்த நீட்டலும் `hold_id` அவருடையதாக இருந்தால்தான். பூச்சியம் வரி என்றால் கேட்வேக்கு அனுப்பவே கூடாது.

எவ்வளவு நீட்டுவது? கேட்வே தன் பக்கத்தை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்குமோ அதைவிடக் கொஞ்சம் கூட. பத்து நிமிடம் என்று அமைக்க முடிந்தால் நீங்கள் 12 வைக்கலாம். சிலதில் அப்படிக் குறைக்க முடியாது. ஸ்ட்ரைப் செக்அவுட்டில் ஆகக் குறைந்தது 30 நிமிடம். மாலைக் காட்சிக்குச் சனம் நெருக்கும்போது அரை மணித்தியாலம் சீற்றைப் பிடித்து வைக்க முதலாளி விடமாட்டார். அப்போது குறைவாக வைத்துக்கொண்டு, பிந்தி வரும் காசைத் திருப்பும் வழியைப் பலமாகக் கட்ட வேண்டும்.

திருநெல்வேலிச் சந்தி | ஜனவரி 18, இரவு 7.10

திருப்புகிறோம் என்று சொல்வார்கள். எனக்கு ஒரு இடத்திலிருந்து காசு திரும்பி வர வாரக் கணக்கில் ஆனது. போன் எடுத்தால் வங்கியைக் கேள் என்கிறார்கள், வங்கி அவர்களைக் கேள் என்கிறது.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 18, இரவு 9.05

சந்தி இந்த முறை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இதற்குத்தான் காசை இரண்டு படியாக எடுக்கிற முறை இருக்கிறது. முதல் படியில் வங்கி அந்தத் தொகையை வாடிக்கையாளரின் கணக்கில் ஒதுக்கி மட்டும் வைக்கும். நீங்கள் மேலே உள்ள இரண்டாவது `UPDATE`ஐ ஓட்டிப் பார்த்து, சீற் கிடைத்தால் "எடு" என்று சொல்வீர்கள், கிடைக்காவிட்டால் "விடு" என்பீர்கள். எடுக்காத காசைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை, ஒதுக்கின தொகை விடுபடும். உங்கள் கேட்வே கணக்கில் அந்த வசதி திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வங்கிக் காட்டுக்குத்தான் பொதுவாகச் சரிவரும், வங்கி மாற்று வழியாக வருகிற காசுக்கு இது கிடைக்காது.

ரெடிஸ்: ராசா சொன்ன வரி நல்ல வரி. பெரிய கூட்டம் வருகிற இடத்தில் ஹோல்டை அதில் வைப்பது கெட்டித்தனமும்கூட. ஆனால் சேமிக்காத நிலையில் ரெடிஸ் ரீஸ்டார்ட் ஆனாலோ, பிரதிக்கு மாறும்போது கடைசி எழுத்து போய்ச் சேராவிட்டாலோ ஹோல்ட் காணாமல் போகும். அதோடு விடுவிக்கும்போது வெறுமனே `DEL` போட்டால், உங்கள் ஹோல்ட் முடிந்து அடுத்தவர் பிடித்திருக்கிற ஹோல்டை நீங்கள் அழித்துவிடுவீர்கள். அந்த இடத்தில் என்னுடைய `h-812`தானா என்று பார்த்து அழிக்க வேண்டும். எப்படி வைத்தாலும் கடைசித் தீர்ப்பு டேட்டாபேஸில். ஒரு திரை உள்ள தியேட்டருக்கு இரண்டாவது சாமான் ஒன்றைக் கட்டிக் காப்பாற்றுவது எனக்கு மினக்கேடாகத் தெரிகிறது.

ரெடிஸ் ராசா | ஜனவரி 18, இரவு 9.20

`DEL` சரி, ஒத்துக்கொள்கிறேன். மினக்கேடு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாள் சனம் ரிஃப்ரெஷ் அடிக்கிற அடியில் உங்கள் போஸ்ட்கிரெஸ் என்ன பாடு படுகிறது என்று பார்ப்போம்.

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 20, இரவு 10.48

எல்லாம் மாற்றினேன். இப்போது இரட்டை விற்பனை இல்லை. ஆனால் விசித்திரமாக ஒன்று. சோதனையில் தங்கச்சிக்கு ரிக்கெற் சரியாக வந்தது, க்யூஆரும் வந்தது, கொஞ்ச நேரத்தில் "உங்கள் பணம் திருப்பப்படுகிறது" என்று எஸ்எம்எஸ்ஸும் வந்தது. அவள் சந்தோசமாக இருக்கிறாள், இலவசப் படம் என்று.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 20, இரவு 11.15

தங்கச்சிக்கு வாழ்த்துகள். கேட்வே ஒரே அறிவிப்பை இரண்டு தடவை அனுப்பியிருக்கும். அது வழமை. முதல் தடவை நீங்கள் பதில் சொல்லப் பிந்தினால், போய்ச் சேரவில்லையோ என்று திரும்ப அனுப்பும். முதல் அறிவிப்பில் இரண்டு வரி மாறி `sold` ஆனது. இரண்டாவதில் `status = 'free'` இல்லை, பூச்சியம் வரி, "சீற் பறிபோய்விட்டது, காசைத் திருப்பு" என்று உங்கள் நிரல் முடிவெடுத்துவிட்டது.

ஆகவே பூச்சியம் வரி வந்தால் உடனே திருப்பக் கூடாது. முதலில் ஓடரைப் பாருங்கள். இந்த `o-553`க்கு ஏற்கெனவே ரிக்கெற் கொடுத்தாயிற்று என்றால், கேட்வேக்கு "கிடைத்தது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இரண்டு அறிவிப்பும் ஒரே செக்கனில் வரலாம். அதனால் ஓடர் வரியை அந்தச் சின்ன டிரான்ஸாக்ஷனுக்குள் `FOR UPDATE` போட்டுப் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கம்பஸ் பாடம் வீண்போகவில்லை, இடம்தான் மாறியது.

இன்னொன்று, ரிக்கெற் கொடுக்கிற வேலையை `return_url` பக்கத்தில் செய்கிறீர்களா, `notify_url`இலா? ஆள் காசு கட்டிய கையோடு பிரௌசரை மூடினால் முதலாவது வரவே வராது. அந்த முகவரி யாரும் கையால் அடித்துப் போகக்கூடியதும்கூட. `notify_url`இல், கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு.

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 20, இரவு 11.32

`notify_url`இல்தான். ஆனால் கையொப்பம் பார்க்கவில்லை. நாளைக்கு.

பழைய கவுண்டர் | ஜனவரி 21, காலை 6.20

தம்பி, நீங்கள் எல்லோரும் போனில் வாங்குகிற ஆட்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். கவுண்டருக்கு நேரே வருகிற சனம்? நெற் விழுந்தால் கவுண்டரில் இருக்கிறவர் என்ன செய்வார்? கையால் எழுதிக் கொடுப்பார். பிறகு அந்தச் சீற்றை உங்கள் சர்வர் இன்னொருவருக்கு விற்கும்.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 21, காலை 9.00

ஐயா, இதைத்தான் நான் எழுத மறந்துகொண்டிருந்தேன். நெற் இருக்கும்வரை கவுண்டரும் டேட்டாபேஸின் அதே அட்டவணையில், அதே கூற்றால் பிடிக்க வேண்டும். கவுண்டருக்கென்று தனிக் குறுக்குவழி வைத்தால் அங்கேதான் இரட்டை விழும். நெற் விழுகிற நேரத்துக்கு முன்கூட்டியே சில வரிசைகளைக் கவுண்டருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். கவுண்டர் திறந்துவிடும்வரை அவை ஒன்லைனில் விற்கப்படாது. நெற் இல்லாதபோது அந்த வரிசைகளை மட்டும் கையால் விற்கலாம். மிஞ்சினால், நெற் இருக்கும்போது கவுண்டரிலிருந்தே திறந்துவிடலாம். பங்கு பிரித்துவிட்டால் பேசிக்கொள்ளத் தேவையில்லை.

பெடியன், ரிக்கெற் அட்டவணையில் `UNIQUE (show_id, seat_no)` போட்டிருக்கிறீர்களா? நிரலில் எங்கே பிழை விட்டாலும் இரண்டாவது ரிக்கெற் எழுதப்படாமல் பிழைச்செய்தி வரும். ரத்து செய்த ரிக்கெற்றை அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்றால், ரத்தாகாதவற்றுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இருக்கும்படி பகுதி இன்டெக்ஸ் ஒன்று போடுங்கள்.

சோதிப்பதற்கு இரண்டு போன் போதாது, விரல் அவ்வளவு வேகமில்லை. இரண்டு `psql` சாளரம் திறந்து, இரண்டிலும் `BEGIN` போட்டு, இரண்டிலும் அதே F7ஐப் பிடிக்கிற கூற்றை ஓட்டுங்கள். இரண்டாவது சாளரம் அப்படியே நிற்க வேண்டும். முதலாவதில் `COMMIT` அடித்ததும் இரண்டாவது `UPDATE 0` என்று சொல்ல வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ பிழை.

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 21, இரவு 8.55

நின்றது. `UPDATE 0` வந்தது. ஆனால் ஒரு சாளரத்தில் F7 பிறகு F8, மற்றதில் F8 பிறகு F7 என்று தனித்தனிக் கூற்றாகப் பிடித்தபோது ஒன்று `deadlock detected` என்று விழுந்தது.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 21, இரவு 9.10

அது விழத்தான் வேண்டும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றால் ஒரு செக்கனில் போஸ்ட்கிரெஸ் ஒருவரைத் தூக்கிவிடும். எல்லோரும் ஒரே ஒழுங்கில் பிடித்தால் வராது: `SELECT ... ORDER BY seat_no FOR UPDATE` முதலில், அதே டிரான்ஸாக்ஷனில் `UPDATE` பிறகு. ஒரே கூற்றில் `IN` போட்டாலும் எந்த ஒழுங்கில் தொடும் என்று உத்தரவாதம் இல்லை.

ரெடிஸ் ராசா | ஜனவரி 22, இரவு 7.45

ஒருவரும் கேட்காத ஒன்று. ஹோல்ட் எப்போது தொடங்க வேண்டும்? சீற்றை அமத்தியவுடனா, "தொடர்க" என்பதை அமத்தும்போதா? பெடியன் அமத்தியவுடன் பிடிக்கிறார். எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்கு எடுக்கிறதென்றால் மாமியைக் கேட்டு, மச்சாளைக் கேட்டு, மூன்று வரிசை மாற்றித்தான் முடியும். அவ்வளவு நேரமும் சீற்றெல்லாம் மஞ்சளாக மாறி மாறிக் கிடக்கும்.

ஆனைப்பந்தி அக்கா | ஜனவரி 22, இரவு 8.20

"தொடர்க"வில் பிடிப்பது என் விருப்பம். விளையாட்டுக்கு அமத்துகிறவர்கள் சீற்றைத் தூக்க மாட்டார்கள்.

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 22, இரவு 8.41

அப்போது எட்டுச் சீற்றையும் பார்த்துப் பார்த்துத் தெரிந்து "தொடர்க" அடிக்கும்போது ஒன்று போய்விட்டது என்று வருமே. மாமியிடம் யார் சொல்வது? நான் இப்போதைக்கு அமத்தியவுடன் என்றே விடுகிறேன், ஒரு ஆளுக்கு எட்டுக்கு மேல் இல்லை, சீற் மாற்றினாலும் ஐந்து நிமிடம் திரும்பத் தொடங்காது.

ரெடிஸ் ராசா | ஜனவரி 22, இரவு 8.44

எட்டுக்கு மேல் இல்லை என்றால் அவர்கள் நாலு போனில் எடுப்பார்கள்.

கொட்டடிப் பெடியன் | ஜனவரி 22, இரவு 8.50

எடுக்கட்டும். நாலு போனுக்கும் நாலு `hold_id`. பிந்தி வந்த காசு, திருப்பின காசு இரண்டையும் தனித்தனியாக லொக்கில் எழுத வைத்திருக்கிறேன். அந்த எண்ணிக்கை ஏறினால் 12 நிமிடத்தைக் கூட்டுவேன், மஞ்சள் கூடக் கிடந்தால் 5ஐக் குறைப்பேன்.